மூன்றாவது கட்டம்

பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தபோது அவள் அந்த நீலக் கிரேட்டைப் பார்த்தாள்.

பால் பாக்கெட் வருகிற சாதாரணப் பிளாஸ்டிக் கிரேட். ஒரு மூலை உடைந்தது. பின்சுவர் அலமாரியில், மற்ற கிரேட்டுகளோடு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை. காய்ந்து போயிருந்தது.

காய்ந்து போயிருந்ததுதான் முதலில் உறைத்தது. இப்போது கழுவியதில்லை. கழுவி ரொம்ப நேரம் ஆகியிருக்கிறது.

கையிலிருந்த பேனா எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடினாள். ஈரத்தரையில் ஓடக் கூடாது என்று எட்டு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் ஓடினாள். அடுப்பு வரிசையைத் தாண்டி, காய் நறுக்கும் மேஜையைத் தாண்டி, வெளியே அனுப்பத் தயாராக அடுக்கியிருந்த சாப்பாட்டுப் பெட்டிகளில் இடுப்பை இடித்துக்கொண்டு ஓடினாள். யாரோ "பாத்து மேடம்" என்றார்கள்.

ஃப்ரீசர் அறையின் கதவு மூடியிருந்தது. வெளியே இருந்த விளக்கு சுவிட்ச் அணைந்திருந்தது. கதவுக்கு மேலே சின்னத் திரையில் மைனஸ் பதினெட்டு என்று பச்சை எழுத்து. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் இருக்க வேண்டியபடி இருந்தது.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

கதவோடு சேர்ந்து ஏதோ சரிந்து வந்து அவள் காலில் விழுந்தது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்து உடம்பில் சுற்றிக்கொண்ட ஒரு மூட்டை. மூட்டையின் மேல்பக்கத்தில் அவள் கொழுந்தனின் முகம். புருவத்தில் வெள்ளைத் தூள். உதடு சிலேட்டு நிறத்தில் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அந்தக் கண் அவளைப் பார்க்கிறதா, பார்க்கவில்லையா, சொல்ல முடியவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காய் நறுக்குகிற பெண்தான் கத்தினாள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் வந்தார்கள்.

தலைமைச் சமையற்காரர் குனிந்து அவன் மூக்கருகே விரல் வைத்தார். "இருக்கான். மூச்சு இருக்கு. கையைத் தேய்ங்கடா. வெந்நீர் கொண்டு வா, வெந்நீர்!"

"தேய்க்காதீங்க!" யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருந்தார்கள். போனை ஒலிபெருக்கியில் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பெண் குரல் அசையாமல் சொன்னது. "தேய்க்கவே கூடாது. வெந்நீரும் ஊத்தாதீங்க. படுக்க வைங்க. ஈரத் துணி இருந்தா எடுத்துட்டு, காஞ்ச துணி, போர்வை, என்ன இருக்கோ சுத்துங்க. மெதுவா தூக்கணும். தூக்கிப் போடக் கூடாது. பேசுறாரா?"

"பேசலைங்க."

"நடுங்குறாரா?"

பார்த்தார்கள். நடுங்கவில்லை.

அதைச் சொன்னதும் அந்தப் பக்கத்தில் வேகம் கூடியது. "வண்டி வந்துக்கிட்டே இருக்கு" என்றது குரல்.

மேஜை விரிப்புகள் வந்தன. ஏப்ரன்கள் வந்தன. சமையற்காரர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேலே போட்டார். அவள் கொழுந்தனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வலதுகை அட்டைக்கு வெளியே கிடந்தது. கையுறை இல்லை. விரல்கள் மெழுகில் செய்ததுபோல் வெளுத்து, முட்டிகளில் மட்டும் தோல் கிழிந்திருந்தது.

முட்டி ஏன் கிழிந்திருக்கிறது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் அக்கா நின்றிருந்தாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. "நான்தான் கதவைச் சாத்துனேன்" என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். "உள்ள யாராச்சும் இருக்கீங்களான்னு ஒரு குரல்கூட கொடுத்தேன். பதிலே வரலை. திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்களேன்னு லைட்டையும் அணைச்சுட்டு… தரையில ஒரு கிரேட்கூட இருக்கக் கூடாதுன்னீங்களே மேடம்."

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம். சொல்லியிருந்தாள்.

*

அலுவலக அறைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நான்கு கட்டம். பொது மேலாளர் கொண்டுவந்த ஏற்பாடு. அவர் எதற்கெடுத்தாலும் "ஒரு நிமிஷம்" என்பார். அதனால் அவர் இல்லாதபோது அவருக்கு ஒருநிமிஷம் என்றே பெயர்.

தினமும் காலையில் அன்றைய வேலைகளை மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். முக்கியமும் அவசரமும் சேர்ந்தது முதல் கட்டம்: உடனே செய். முக்கியம், ஆனால் அவசரமில்லை என்றால் இரண்டாவது: தேதி போடு. அவசரம், ஆனால் முக்கியமில்லை என்றால் மூன்றாவது: வேறு யாரிடமாவது ஒப்படை. இரண்டும் இல்லாதது நான்காவது: கிழித்துப் போடு. ஒருநிமிஷம் தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்திருந்தார். முதல் கட்டத்தில் மூன்று சீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நான்காவது வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். "எல்லாமே அவசரம்னா எதுவுமே அவசரமில்லைம்மா" என்பார்.

அவளுக்கு அந்த விதி பிடித்திருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. இந்தப் பலகை வருவதற்கு முன்னால் யார் பெரிதாகக் கத்துகிறார்களோ அவர்கள் வேலைதான் முதலில் நடந்தது. இப்போது கத்தினாலும் சீட்டுதான். ஊரெல்லாம் அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் மதியச் சாப்பாடு அனுப்புகிற சமையற்கூடம். தலைக்கு மேல் வேலை. அந்த நான்கு கட்டம் வந்த பிறகுதான் அவள் மதியத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அன்று காலை முதல் கட்டத்தில் நான்கு சீட்டு. பெரிய அடுப்பில் ஒரு பர்னர் எரியவில்லை. சாப்பாட்டு வண்டியில் ஒன்றுக்கு ஓட்டுநர் வரவில்லை. பதினொன்றரைக்கு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து சுகாதாரம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். நான்காவது, ஃப்ரீசர் கதவின் உள்கம்பி.

உள்ளே மாட்டிக்கொண்டவன் அழுத்தினால் கதவைத் திறந்துவிடுகிற கம்பி அது. முந்தின நாள் அதன் ஸ்பிரிங் முறிந்துவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சாமான் வியாழக்கிழமைதான் வரும் என்று சொல்லிப் போயிருந்தான். அதுவரைக்கும் உள்ளே போகிறவன் கதவிடுக்கில் அந்த மூலை உடைந்த நீலக் கிரேட்டைத் தள்ளி வைத்துக்கொள்வது என்று பேச்சு. கதவு தானாகவே மூடிக்கொள்கிற வகை. கிரேட் இருந்தால் மூடாது.

எந்தச் சீட்டை வெளியே எடுப்பது?

பலகை முன்னால் அவளும் கொழுந்தனும்தான் நின்றார்கள். ஸ்டோர் அவன் பொறுப்பு. மூன்று வருடத்துக்கு முன் அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். வேலை நேரத்தில் மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அவன் கேட்டதே இல்லை.

"கம்பியை எடுங்க அண்ணி. கிரேட் இருக்குல்ல."

"நீதானேடா உள்ள போறவன்?"

"நான் போனா கிரேட்டை வெச்சுட்டுப் போறேன். இதுல என்ன இருக்கு? கிரேட் இருக்கிற வரைக்கும் அவசரமில்லை. உங்க ஒருநிமிஷமே இதைத்தான் சொல்லுவாரு."

"வாயை மூடு. கேட்டுடப் போறாரு."

அவள் சீட்டை எடுத்தாள். இரண்டாவது கட்டத்தில் ஒட்டினாள். 'வியாழன்' என்று தேதி போட்டாள்.

"போச்சு," என்றான் அவன். "என் உயிரை ரெண்டாவது கட்டத்துல போட்டுட்டாங்க. சாட்சிக்கு யாருமில்லை."

"நாலாவதுல போடாம விட்டேனேன்னு சந்தோஷப்படு."

சிரித்துக்கொண்டே போனான். ஆட்கள் வருவதற்குள் ஃப்ரீசரில் உள்ள பெட்டிகளைத் தேதி வரிசையில் அடுக்க வேண்டும். பழையது முன்னால், புதியது பின்னால். கையுறை போட்டால் தேதிச் சீட்டு பிரிக்க வராது என்று அதை மேஜையிலேயே விட்டுவிட்டு, குளிர்க்கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு அவள் மூன்றாவது கட்டத்தைப் பார்த்தாள். 'தரையில் கிரேட், மூட்டை எதுவும் இருக்கக் கூடாது.' ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது தரையைத்தான். அவசரம். ஆனால் அவள்தான் செய்ய வேண்டும் என்றில்லை. பாத்திரம் கழுவும் அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா, தரையில ஒரு கிரேட் இருக்கக் கூடாது. ஒண்ணுகூட. எல்லாத்தையும் கழுவி அலமாரியில ஏத்திடுங்க."

"சரி மேடம்."

ஒவ்வொரு சீட்டும் அதனதன் கட்டத்தில் இருந்தது. இன்று யோசித்தாலும் ஒரு சீட்டைக்கூட அவளால் தப்பென்று சொல்ல முடியாது. கிரேட் இருந்ததால்தான் கம்பி அவசரமில்லாமல் போனது. அந்தக் கிரேட்டையே எடுக்கச் சொல்கிற சீட்டு ஒரு சாண் தள்ளி, அடுத்த கட்டத்தில், அவள் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. இதை முடிக்காமல் அதைத் தொடாதே என்று சொல்ல அந்தப் பலகையில் இடமே இல்லை.

*

ஆம்புலன்ஸ்காரர்கள் அவனைப் படுக்கை வாக்கிலேயே, கண்ணாடிச் சாமானைத் தூக்குகிறமாதிரித் தூக்கினார்கள். அவள் கூடவே நடந்தாள். வழி அலுவலக அறையைத் தாண்டிப் போனது. பலகையைத் தாண்டிப் போனது.

பார்க்க நினைக்கவில்லை. கண் போய்விட்டது.

மூன்றாவது கட்டத்தில், கடைசியாக ஒட்டிய சீட்டு. மூலை இன்னும் பசை விட்டு எழும்பவில்லை.

'ஃப்ரீசரில் தட்டும் சத்தம். மெக்கானிக்கைக் கூப்பிடவும் – ஸ்டோர்.'

அவள் நின்றுவிட்டாள்.

எழுதியது நினைவுக்கு வந்தது. எழுதும்போது எரிச்சலாக இருந்ததும் நினைவுக்கு வந்தது. கொழுந்தனைத் தேடிக்கொண்டு ஃப்ரீசர் பக்கம் போயிருந்தாள். கதவு மூடியிருந்தது, விளக்கு அணைந்திருந்தது. ஆள் உள்ளே இல்லை என்றுதானே அர்த்தம். போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. "எங்க போய்த் தொலைஞ்சான் இவன், இன்னைக்குன்னு பார்த்து" என்று கதவுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகவே சொன்னாள். அப்போது அந்தச் சத்தம் வந்தது. டொக். டொக். கொஞ்சம் நிறுத்தி மறுபடி டொக். சுவருக்குள்ளிருந்து வருகிறமாதிரி, போர்வைக்குள் போட்டு அடிக்கிறமாதிரி. பின்னால் பாத்திரம் கழுவுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

கம்ப்ரசர், என்று நினைத்தாள். திரையைப் பார்த்தாள். மைனஸ் பதினெட்டு. குளிர் சரியாக இருக்கிறது. அப்படியானால் முக்கியமில்லை. ஆட்கள் வருகிற நேரத்தில் இப்படித் தட்டிக்கொண்டிருந்தால் அசிங்கம், ஆகையால் அவசரம். மூன்றாவது கட்டம். ஃப்ரீசர் மெக்கானிக்கைக் கூப்பிடுவது யார் வேலை? ஸ்டோர்.

தட்டியவனிடமே அந்தத் தட்டலை ஒப்படைத்திருந்தாள்.

"மேடம், ஏறுறீங்களா?" என்றான் ஆம்புலன்ஸ்காரன்.

சீட்டைப் பிய்த்தாள். சட்டைப்பைக்குள் திணித்தாள். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பார்க்கவில்லை. அப்படித் திரும்பிப் பார்த்ததுதான் அவளுக்குத் தன்னைப் பற்றி அன்று தெரிந்த இரண்டாவது விஷயம்.

*

வண்டி பாதி வழியில் இருக்கும்போது போன் அடித்தது. ஒருநிமிஷம்.

"எங்கம்மா இருக்கீங்க? ஆளுங்க கேட்ல நிக்கிறாங்க."

அவள் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று தெரியாது. வார்த்தை தானாக வந்தது.

"ஒரு நிமிஷம்… ஒரு நிமிஷம். உயிரோடதானே இருக்கான்?"

"இருக்கான் சார்."

"கடவுளே." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கியது. "அந்தக் கம்பி… அது முதல் கட்டத்துல இருந்துச்சா, ரெண்டாவதுல இருந்துச்சா?"

"ரெண்டாவதுல சார். நாலு வந்துடுச்சு. ஒண்ணை எடுத்தேன்."

விதி யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"தேதி போட்டிருந்தீங்கல்ல?" என்றார் கடைசியில்.

"போட்டிருந்தேன்."

"அப்ப சரி," என்றார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "அப்ப சரின்னா… நான் அந்த அர்த்தத்துல சொல்லலை. நீங்க அவனைப் பாருங்கம்மா. இங்க நான் பாத்துக்கறேன்."

அவள் போனை மடியில் வைத்தாள். எதிரே வெள்ளிக் காகிதம்போல் ஒரு போர்வைக்குள் கொழுந்தன் கிடந்தான். அவன் உடம்பு சட்டென்று உதறியது. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. வண்டியே ஆடுகிறமாதிரி நடுங்க ஆரம்பித்தான். அவள் பதறி எழுந்தாள்.

"உக்காருங்க," என்றான் ஆம்புலன்ஸ்காரன். முதல் தடவையாக அவன் முகம் தளர்ந்தது. "நடுங்குறது நல்லதுங்க. நடுங்கட்டும்."

*

மருத்துவமனை நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகத் தரையோடு திருகப்பட்டிருந்தன. அவள் ஒன்றில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதன் பக்கம் திரும்பவில்லை.

கணவன் வந்தான். ஓடி வந்திருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அந்தத் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவன். கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் அவன் போட்ட ஒரே நிபந்தனை, தம்பி நம்மோடுதான் இருப்பான் என்பது.

"எங்க அவன்?"

"உள்ள. சூடு பண்றாங்க. பேசுறானாம்."

"பேசுறானா?" உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். "ஃப்ரீசருக்குள்ள எப்படிப்பா ஒரு ஆளை வெச்சுப் பூட்டுவாங்க? எப்படி? குருடனா எவனாச்சும்?"

டாக்டர் வெளியே வந்தார். இளம்பெண். நின்றபடியே சொன்னார். உயிருக்கு ஆபத்து இல்லை. உடம்புச் சூடு ஏறிக்கொண்டிருக்கிறது. அட்டையைச் சுற்றிக்கொண்டதும், வெறும் தரையில் உட்காராமல் பெட்டிகள்மேல் உட்கார்ந்ததும் அவனைக் காப்பாற்றியிருக்கின்றன. வலதுகை விரல்கள்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருக்கிறார்கள். ரத்தம் திரும்பும்போது வலி உயிர் போகும், மருந்து கொடுத்திருக்கிறது.

"விரலெல்லாம் சரியாயிடுமா டாக்டர்?" என்றான் கணவன்.

"இப்ப சொல்ல முடியாது சார். கொப்புளம் வரும். எது பிழைக்கும், எது பிழைக்காதுன்னு தெரிய சில வாரம் ஆகும். அவசரப்பட்டு ஒண்ணும் செய்யறதில்லை. காத்திருந்துதான் பார்க்கணும்." கொஞ்சம் தயங்கினார். "அந்தக் கையால ரொம்ப நேரம் எதையோ குத்தியிருக்காரு. உறைஞ்ச விரல், அதுல வேற அடி. அதான் கொஞ்சம் கவலை."

அவர் போய்விட்டார். அவள் சட்டைப்பையில் ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்கு, பல்லில் எதுவோ மாட்டியிருப்பதுபோல், நொடிக்கு நொடி தெரிந்தது.

நடைபாதையின் கோடியில் பாத்திரம் கழுவும் அக்கா வந்து நின்றாள். ஏப்ரனைக் கழற்ற மறந்து, அப்படியே பேருந்து ஏறி வந்திருக்கிறாள். கிட்டே வரத் தைரியமில்லாமல் சுவரோரம் நின்றாள்.

"யாரு இவங்க?" என்றான் கணவன்.

அக்காவே சொன்னாள். "நான்தான் தம்பி, கதவைச் சாத்துனது."

கணவன் எழுந்தான். அவன் கை உயர்ந்ததா, உயரவில்லையா என்று அவள் பார்க்கவில்லை. அதற்குள் நடுவில் போய் நின்றுவிட்டாள்.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. கிரேட்டை எடுக்கச் சொன்னது நான்."

"நீயா?"

"நான்தான். ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னேன். கம்பி உடைஞ்சது அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கம்பியைத் தள்ளிப் போட்டதும் நான்தான்."

கணவன் அவளைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து பார்த்த முகம்தான். யாரென்று கேட்கிறமாதிரிப் பார்த்தான். கோபமாக இருந்தால் தாங்கியிருக்கலாம். கோபம் இன்னும் வந்து சேரவில்லை.

"தெரிஞ்சேவா?" என்றான்.

"ரெண்டும் தெரியும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலை."

"சேர்த்துப் பார்க்கலையா." அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்று பார்த்தான். "வீட்டுல பால் பொங்கறதுக்கு முன்னாடி அடுப்பை அணைக்கிறவ நீ. உனக்கு ஒண்ணுமே தப்பாதேன்னு அவன் ஊரெல்லாம் பெருமை பேசுவான். அண்ணி இருக்கிற இடத்துல எனக்கென்ன பயம்பான்."

அக்கா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். அவள் அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று நெஞ்சு ஒரு கணம் இலேசானது. அடுத்த கணமே அது எவ்வளவு சுலபமான உண்மை என்று உறைத்தது. கிரேட்டை எடுக்கச் சொன்னது கவனக்குறைவு. யாருக்கும் வரக்கூடியது. நாலு பேர் மன்னிப்பார்கள். தேதி போட்டிருந்தாளே என்று ஒருநிமிஷமே சொல்லிவிட்டார்.

பையில் இருக்கிறது வேறு.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "அண்ணி யாரு? உங்களைத்தான் கேக்குறாரு. ஒருத்தர் மட்டும் வாங்க. அதிகம் பேச விடாதீங்க."

"நான் போறேன்" என்றான் கணவன்.

"அண்ணியைத்தான் கேக்குறாரு சார்."

*

அறையில் சூடாக இருந்தது. போர்வைக்குள் சூடான காற்றை ஊதுகிற ஒரு குழாய் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. கொழுந்தன் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. கன்னம் அளவுக்கு மீறிச் சிவந்திருந்தது. வலதுகை ஒரு தலையணைமேல், விரலுக்கு விரல் பஞ்சு வைத்து, பெரிய வெள்ளை உருண்டையாகக் கிடந்தது.

அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அண்ணி. பழைய தேதியெல்லாம் முன்னாடி வெச்சுட்டேன். கடைசி ரெண்டு அடுக்கு மட்டும் பாக்கி."

"பேசாதடா."

"ஆளுங்க வந்தாங்களா?"

"வந்தாங்க. நீ பேசாத."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே தள்ளுவண்டி ஒன்று போனது. அதன் சக்கரம் ஒரு ஓட்டை டைலில் ஏறி இறங்கியது. டொக்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"இருட்டுல முதல்ல ரொம்ப பயந்துட்டேன் அண்ணி. போன்ல சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கத்துனேன். ஃபேன் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கலை. அப்புறம் கதவுல காதை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். யாராச்சும் வருவாங்கன்னு." நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டான். "அப்ப நீங்க வந்தீங்க. உங்க குரல்னு உடனே தெரிஞ்சிடுச்சு. என்னைத் திட்டுனீங்க. எங்க போய்த் தொலைஞ்சான்னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, தெரியுமா? அப்பாடா, அண்ணி வந்துட்டாங்கன்னு."

அவள் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சீட்டின் மடிந்த விளிம்பு விரலில் பட்டது.

"இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இந்தக் கையாலதான் குத்துனேன். நீங்க பேச்சை நிறுத்துனீங்க. ஒரு நிமிஷம் சத்தமே இல்லாம நின்னீங்க. சரி, கேட்டுடுச்சு, இப்ப திறப்பாங்கன்னு நினைச்சேன். அப்புறம் உங்க செருப்புச் சத்தம் தூரமா போச்சு."

அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. கணக்குப் பார்க்கிற தொனியும் இல்லை. விட்டுப்போன ஒரு பெட்டியைத் தேடுகிற ஸ்டோர்காரன்போல, உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

"நான் தட்டுனது உங்களுக்குக் கேக்கவே இல்லையா அண்ணி?"